சும்மா இருப்பதற்குக் கூலி

"சும்மா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று போனில் யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் காது மடல் சூடாகிவிடும். பல் டாக்டரிடம் இப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. பத்திரம் எழுதுகிறவரிடம் சொல்ல வராது. மோட்டார் காயில் கட்டுகிறவரிடம்கூட வராது, ஏனென்றால் அவர் கையில் செம்புக் கம்பி இருக்கிறது. என் கையில் ஒன்றும் இல்லை. ஒரு ஈரம் பார்க்கும் மீட்டர், ஒரு டார்ச், மண்டைக்குள் கொஞ்சம் விஷயம். மண்டைக்குள் இருப்பதை எடுத்துக் கொடுத்தால் குறைந்தா போய்விடும் என்பது நம் ஊர்க் கணக்கு. காப்பி கொடுத்தால் சரியாகப் போயிற்று.

கோவைப் பக்கம் அரிசி ஆலை இயந்திரம் செய்யும் ஒரு கம்பெனியில் என் தலைமுடி நரைக்கும்வரை வேலை பார்த்தேன். இயந்திரத்தை வரைந்தது கொஞ்ச காலம். அதைக் கொண்டுபோய் மாட்டி, ஓட்டிக் காட்டி, நின்றுபோனால் ஓடிப்போய்ப் பார்த்ததுதான் அதிக காலம். நான் நுழையாத மில் வாசல் இந்த மாநிலத்தில் கொஞ்சம்தான். அதில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். முக்கால்வாசி மில்களில் கெட்டுப்போனது இயந்திரம் இல்லை, அதை ஓட்டுகிற முறை. ஆனால் கம்பெனிக்காரனாகப் போய்க்கொண்டு அதைச் சொல்ல முடியாது. போனால் இன்னொரு இயந்திரத்தை விற்றுவிட்டு வரவேண்டும். ஒருநாள் அது தாங்காமல் போய், வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கு வந்தேன். சின்ன மில்களுக்கு யோசனை சொல்வது, அதற்குக் கட்டணம் வாங்குவது, எந்த டீலரிடமும் கமிஷன் வாங்குவதில்லை. இதுதான் என் தொழில் என்று விசிட்டிங் கார்டு அடித்தேன்.

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. அவள் சம்பளத்தில் ஒரு வருஷம் ஓட்டலாம் என்று பேச்சு. அந்த ஒரு வருஷத்தில் பெரும்பகுதி காப்பி குடித்தே கழிந்தது. போய்ப் பார்ப்பேன், சொல்வேன், அவர்கள் தலையாட்டுவார்கள், பில் அனுப்பினால் போனை எடுக்க மாட்டார்கள். கோவைக் கம்பெனியில் என் நாற்காலி காலியாகவே இருந்தது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். "இன்னும் ஒரு இடம் பாருங்க. அதுவும் இப்டின்னா போயிடுங்க" என்றாள் அவள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

அந்த ஒரு இடம் நீடாமங்கலத்துப் பக்கத்து மில்லாக வந்து வாய்த்ததுதான் என் நேரம்.

அந்த மில் முதலாளியின் குடும்பத்து நிலத்தில்தான், நன்னிலம் போகும் வழியில், என் அப்பாவும் அம்மாவும் வேலை செய்தார்கள். அப்பா ஏர் பிடித்தார், அறுத்தார், களத்தில் போரடித்தார். அம்மா நட்டாள், களை பறித்தாள். இவர் அப்போது சின்ன முதலாளி, மோட்டார் சைக்கிளில் வரப்போரம் வந்து நிற்பார். இப்போது அறுபதைத் தாண்டியவர். யாரோ என் கார்டைக் கொடுத்திருக்கிறார்கள். கூப்பிட்டார்.

"நம்ம ஆளு மவந்தானாமே நீ. மில்லுல நொய்யி ஏகத்துக்கு விழுதுப்பா. வந்து என்னான்னு பாரு."

போவதற்கு முன்பே என் கட்டணத்தை எழுதி அவர் வாட்ஸப்புக்கு அனுப்பினேன். பெருவிரல் தூக்கிய பொம்மை ஒன்று பதிலாக வந்தது. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அலுவலக அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு டீலர் இருந்தார், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். அவரிடம் "சார், நீங்க சொல்லுங்க சார்" என்றார் முதலாளி. என்னைப் பார்த்து "வாப்பா, அந்தா அதுல ஒக்காரு" என்று கதவோரம் கிடந்த ஸ்டூலைக் காட்டினார். எனக்கு ஸ்டூலில் உட்கார்ந்து பழக்கம் உண்டு. ஆனாலும் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். புழுங்கல் அரிசி மில். அரைக்கும்போது அரிசி உடைந்து உடைந்து நொய்யாக விழுகிறது. கும்பகோணத்து மண்டிக்காரர் லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். தீட்டுகிற இயந்திரம் பழசாகிவிட்டது, அதுதான் அரிசியை உடைக்கிறது, புதுசு போட்டால் நொய்யே விழாது என்கிறார் டீலர். புதுசுக்குப் பேங்கில் கடன் வாங்க வேண்டும். கடனுக்கு ஆற்றுப்பாசன நஞ்சை ஒன்றை அடமானம் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கையெழுத்து. அந்த நஞ்சை எது என்று அவர் சொன்னார். என் அம்மா நட்ட வயல் அது.

"இவரு மெஷின் தெரிஞ்சவரு, பாத்துட்டுச் சொல்லட்டும் சார்" என்றார் முதலாளி டீலரிடம். டீலர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பங்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்கிற சிரிப்பு.

நான் தீட்டும் இயந்திரத்துப் பக்கமே போகவில்லை. முந்தின நாள் காயவைத்துக் குவித்திருந்த நெல்லில் ஒரு கைப்பிடி எடுத்தேன். நகத்தால் உமியை உரித்து, அரிசியை டார்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். பாதிக்கு மேல் குறுக்கே மயிரிழையாக வெடிப்பு. இது இன்னும் எந்த இயந்திரத்துக்குள்ளும் போகாத நெல். உள்ளே போகும்போதே முறிந்துதான் போகிறது. புது இயந்திரம் என்ன, தங்கத்தில் செய்து வைத்தாலும் அது உடையத்தான் செய்யும்.

ஏன் வெடிக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஊறி அவிந்து வரும் நெல்லை டிரையரில் சூடான காற்றில் காயவைக்கிறோம். ஒரே மூச்சில் காய வைத்தால் மேல்பக்கம் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். அந்த இழுபறியில் அரிசி வெடிக்கும். வெடிப்பு அப்போதே தெரியாது, ஆறிய பிறகுதான் தெரியும். அதனால் ஈரம் பதினெட்டு சதவீதத்துக்கு வந்ததும் நிறுத்தி, நெல்லை ஒரு தொட்டியில் இறக்கி, சில மணி நேரம் ஆறப்போட வேண்டும். உள்ளிருக்கும் ஈரம் மேலே பரவி வரும். அதன்பிறகு சூட்டைக் குறைத்து, பதினாலுக்குக் கொண்டுவர வேண்டும். மில் கட்டும்போதே அதற்கென்று ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். போய் எட்டிப் பார்த்தேன். தொட்டி நிறைய காலிச் சாக்கு.

களத்தில் ஆட்களோடு மேஸ்திரி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தொட்டியில் நெல்லே போடுவதில்லையா என்று கேட்டேன்.

"போட்டா யாருங்க காத்துக்கெடக்கறது?" என்றார். "எங்களுக்கு மூட்டக் கணக்கு. ஆறட்டும்னு ஒக்காந்தா அந்த நேரத்துக்கு ஒண்ணும் கெடையாது. மொதலாளிகிட்டக் கேட்டோம், சும்மா ஒக்காந்துருக்கறதுக்கு ஒரு கூலியான்னாரு. அப்பறம் நாங்க ஒரே ஓட்டமா ஓட்டி எறக்கிட்டுப் போயிடறது."

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். இங்கே பொறுக்காதது ஆட்கள் இல்லை. அவர்கள் வயிறு மூட்டை எண்ணிக்கையில் இருந்தது.

அறைக்கு வந்து டீலரை வைத்துக்கொண்டே சொன்னேன். "சார், இயந்திரம் எதுவும் வாங்க வேணாம். தொட்டியக் காலி பண்ணுங்க. ஆட்களுக்கு மூட்டைக் கணக்க விட்டுட்டு நாள் கூலி போடுங்க. ஆறுற நேரத்துக்கும் சேத்து. நொய் தானா கொறையும்."

என் அப்பா இவரை ஐயா என்று கூப்பிடுவார். நான் சார் என்றுதான் கூப்பிடுவது என்று வண்டியில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். 

முதலாளி என்னையே பார்த்தார். "ஒண்ணும் வாங்க வேணாமா?"

"வேணாம் சார்."

"இதச் சொல்லவா உன்னக் கூப்புட்டேன்? நெல்லு சும்மா கெடக்கணும், ஆளும் சும்மா கெடக்கணும், அதுக்கு நான் காசு குடுக்கணும். நல்லாருக்குப்பா உன் இஞ்சினீயர் படிப்பு."

டீலர் செல்போனைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். இந்த மனிதருக்கு மூட்டை தூக்கினால் கூலி கொடுக்கத் தெரியும், இரும்பு வாங்கினால் விலை கொடுக்கத் தெரியும். அவருடைய நிலம் பறிபோகாமல் காப்பாற்றுகிற ஒரு சொல்லுக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. அதற்கு அவர் அகராதியில் பெயரே இல்லை.

"ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாப்போம். ஒரே நெல்லு. ஒரு டிரையர் நெறைய உங்க வழக்கப்படி. இன்னொரு டிரையர் நெறைய நான் சொல்றபடி. ரெண்டையும் ஆறவெச்சு அரைச்சுப் பாருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிஞ்சிடும்."

"ஆளுங்க காத்துக்கெடக்கறதுக்கு?"

"அவங்களுக்குக் கூலி குடுக்கணும்."

"உன் சோதனதான? நீயே குடுத்துரு."

கொடுத்தேன். என் பையிலிருந்து எடுத்து மேஸ்திரி கையில் கொடுத்தேன். ஆலோசனை சொல்லப் போன இடத்தில் கைக்காசைப் போட்டு ஆட்களை உட்கார வைத்த முட்டாள் இந்த டெல்டாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் கொடுக்காமல் வந்திருந்தால் வெள்ளிக்கிழமை அந்த வயல் பேங்குக்குப் போயிருக்கும், நான் கோவைக்குப் போயிருப்பேன்.

சாக்குகளை அள்ளி வெளியே போட்டோம். காலையில் பதினெட்டுக்கு இறக்கிய நெல் சாயங்காலம் வரைக்கும் தொட்டியில் கிடந்தது. ஆட்கள் வேப்பமரத்தடியில் கிடந்தார்கள். முதலாளி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவர்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணில் மிளகாய் விழுந்ததைப் போலத் துடித்துப் போனார் மனுஷன். நான் மீட்டரும் கையுமாக டிரையர் பக்கத்திலேயே நின்றேன். சூட்டைக் குறைத்து மறுபடி ஓட்டி, பதினாலில் நிறுத்தினோம். வழக்கப்படி ஓட்டியிருந்த முதல் தினுசு நெல்லையும் இதையும் தனித்தனியாக ஆறவிட்டு, வியாழக்கிழமை அரைத்தோம். அதே பழைய இயந்திரம்.

முதல் தினுசு வந்து விழுந்தபோது நொய் எப்போதும்போல விழுந்தது. இரண்டாவது தினுசு வரத் தொடங்கியதும் இயந்திரத்தை ஓட்டுகிற மில் டிரைவர் அதை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். நொய் வந்து விழுகிற வாயில் சாக்கு தொளதொளவென்று தொங்கியது. முதலாளி உள்ளங்கையில் அரிசியை அள்ளி வைத்துக்கொண்டு விரலால் புரட்டிப் பார்த்தார். முழு முழு அரிசி. டீலரை அவரே கூப்பிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "இவ்வளவுதானா? இத எங்க டிரைவரே சொல்லிருப்பானே."

அவன் இத்தனை நாள் சொல்லவில்லையே, சொல்லியிருந்தாலும் நீர் கேட்டிருப்பீரா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு வந்து பில் அடித்தேன். கடைசித் தாளில் என்ன சூடு, எவ்வளவு நேரம் என்று எழுதி, மறுநாளே கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். "பாத்துக்கலாம்ப்பா" என்றார். பேப்பர் வெயிட்டுக்குக் கீழே, குப்புறப் போனது.

அடுத்த வாரம் ஒரு மினி ஆட்டோ எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அரிசிச் சிப்பம் ஒன்று, ஒரு தட்டில் வேட்டி, வெற்றிலை பாக்கு, சீப்பு வாழைப்பழம். மில் முதலாளி கொடுத்தனுப்பினார் என்றார் ஆட்டோ டிரைவர். வாங்கி வைத்தது எங்களோடு இருக்கும் என் அம்மா. நான் வெளியே போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா சிப்பத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிரிக்கவில்லை.

"பெரிய வீட்லேருந்து வந்துருக்கு" என்றாள்.

"ம்."

"என்னா வேல செஞ்ச அவங்களுக்கு?"

சொன்னேன். அடமானத்துக்குப் போகவிருந்த வயல், தொட்டி, வெடிப்பு, கைக்காசு, எல்லாம். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். வயலின் பேரைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்தாள்.

"அந்த வயல நான் நட்டுட்டு இதான் வாங்கியாந்தேன். ஒங்கப்பா அறுத்துட்டு இதான் வாங்கியாந்தாரு. நீ படிச்சுட்டும் இதான் வாங்கியாந்துருக்க." கோபமாகச் சொல்லவில்லை. சந்தையில் விலை சொல்வதைப் போலச் சொன்னாள். "ஒலைல போடவா, வேணாமா? சொல்லிரு."

அவமானம் என்றால் இதுதான். அறுப்பு முடிந்து களத்தில் நின்று, மடியை விரித்து, போட்டதை வாங்கிக்கொண்டு குனிந்து கும்பிட்டுவிட்டு வருகிற அந்தக் கூலி. எத்தனை வருஷம் படித்தேன், எத்தனை மில்லில் புழுதி தின்றேன், அத்தனையையும் அந்த மனிதர் ஒரு சிப்பத்துக்குள் போட்டுக் கட்டி என் அம்மாவிடமே அனுப்பிவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மரியாதை செய்வதாகவே நினைத்திருக்கிறார்.

"போட வேணாம்" என்றேன்.

மறுநாள் காலை சிப்பத்தை வண்டியில் முன்னால் வைத்து, தட்டை மனைவியின் பழைய துண்டில் கட்டித் தொங்கவிட்டு, நீடாமங்கலம் போனேன். வழியில் லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தது. சிப்பத்தைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றேன். கோபம் ஆறிவிடுமோ என்று பயந்தேன். ஆறவில்லை.

அவர் மேஜைக்குப் பக்கத்தில் சிப்பத்தை இறக்கி வைத்தேன்.

"என்னப்பா இது, குடுத்தனுப்புனத திருப்பிக் கொண்டாற? மரியாதையா இது?"

"அரிசிக்கு நான் வேல செய்யல சார். பில்லு குடுத்துருக்கேன்."

"வாயால சொன்னதுக்கு எவ்வளவுப்பா குடுக்கறது? ஒங்கப்பன் இப்படிப் பேசுன ஆளில்ல."

"அவருக்கு நீங்க பேச எடம் வெக்கல."

அவர் முகம் சிவந்தது. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. குரலை இறக்கினார்.

"சரி, ஒண்ணு செய்யி. இங்கயே மேனேசரா வந்துரு. மாசாமாசம் சம்பளம் தரேன். நம்ம எடம், நம்ம ஆளு. என்னா சொல்ற?"

அவருக்கு அது பெரிய மனசு. என்னை வைத்துக்கொள்ள மாசாமாசம் கொடுப்பார், நான் சொன்னதற்கு ஒரே ஒரு தடவை கொடுக்க மாட்டார். ஆள் அவருடையதாக இருந்தால் சரி. ஆள் தன்பாட்டுக்கு வந்து, சொல்லிவிட்டு, தன்பாட்டுக்குப் போவதுதான் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

"வேணாம் சார். நான் எழுதிக் குடுத்த சூடு, நேரம் எல்லாம் இப்ப நீங்க ஓட்டற மோட்டா ரகத்துக்கு. அடுத்து உங்களுக்குச் சன்ன ரகம் வருது. அது இதவிடச் சீக்கிரம் வெடிக்கும். அதுக்கு வேற சூடு, வேற நேரம், ஓட்டிப் பாத்துத்தான் சொல்ல முடியும். இதுக்குப் பில்லு தீந்தா அதுக்கு வரேன். இல்லாட்டி டிரைவரக் கேட்டுக்குங்க."

கிளம்பத் திரும்பினேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். களத்தில் ஆட்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள், தொட்டியில் நெல் ஆறிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு நாள் கூலி போட்டுவிட்டார் என்று மேஸ்திரி வாசலிலேயே சொல்லியிருந்தார். சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒருதரம் கொடுத்துப் பழகிய கைதான் அது. மேஜை இழுப்பறையை இழுத்தார்.

"ஒக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். செக் புத்தகத்தை எடுத்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டார், தேதி எழுதினார். தொகையைக் கேட்கவில்லை, அது அவருக்குத் தெரிந்திருந்தது. பேனா பெயர் எழுதும் கோட்டுக்கு வந்து நின்றது.

"யாரு பேருக்கு?"

"என் பேருக்குத்தான் சார்."

பேனா நகரவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் அப்பா பெயர் அவருக்குத் தெரியும். அம்மா பெயர் தெரியும். அவர்கள் குடிசை எந்த வாய்க்கால் கரையில் இருந்தது என்பதும் தெரியும்.

"உன் பேரு என்னாப்பா?"

கைக்கெட்டும் தூரத்தில், பேப்பர் வெயிட்டுக்குக் கீழே குப்புறக் கிடந்த பில்லில் என் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. அதைத் திருப்பிக் காட்டியிருக்கலாம். நான் காட்டவில்லை. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன், அவர் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.